ஆர்எஸ்யூ ஆஃபர் 52.8, ஸ்டார்ட்அப் கேஷ் 46: எது பெருசுன்னு எப்படிப் பாக்கறது?

கேள்வி: "ஆறு வருஷ எக்ஸ்பீரியன்ஸ், பேக்எண்ட். ரெண்டு ஆஃபர் கைல இருக்கு, ரெண்டும் சென்னைதான். ஒண்ணு பெரிய அமெரிக்க கம்பெனி, டோட்டல் காம்ப் 52.8 லட்சம்னு போட்டிருக்காங்க. பேஸ் 34, ஜாயினிங் போனஸ் முதல் வருஷம் 8, ரெண்டாவது வருஷம் 5, அப்புறம் 48,000 டாலர் ஆர்எஸ்யூ நாலு வருஷத்துக்கு 5, 15, 40, 40னு. இன்னொண்ணு ஸ்டார்ட்அப், 46 லட்சம் ஃபிக்ஸட், மேல 20 லட்சத்துக்கு ஈசாப். கேஷா பாத்தா ஸ்டார்ட்அப் ஜாஸ்தி, மொத்தமா பாத்தா பெரிய கம்பெனி ஜாஸ்தி. இந்த ஷேர் கணக்கே புரியல, யாராவது விளக்குங்க."

ஆர்எஸ்யூன்னா, சொன்ன தேதிகள்ல நீங்க வேலைல இருந்தா கம்பெனி உங்களுக்குக் குடுக்கற அதோட சொந்த ஷேர். முதல்ல அந்த 52.8ஐ எடுத்து ஓரமா வைங்க. நீங்க குடுத்த விவரப்படி, அந்த நாலு வருஷத்துல எந்த வருஷமும் உங்களுக்கு 52.8 வரப் போறதில்ல. நான் ஆஃபர் லெட்டர்ல இந்த நம்பரையெல்லாம் போடற காம்பென்சேஷன் டீம்ல பல வருஷம் உக்காந்திருக்கேன், அதனால அது எப்படி வந்திருக்கும்னு சொல்ல முடியும். 48,000 டாலரை ரூபாயாக்கி (90 ரூபா ரேட் போட்டா 43.2 லட்சம்) நாலால வகுத்தா 10.8. பேஸ் 34, முதல் வருஷ போனஸ் 8, இந்த 10.8, கூட்டினா 52.8. பொய்யில்ல, ஆனா முதல் வருஷ போனஸையும் நாலு வருஷ சராசரி ஷேரையும் ஒரே வருஷத்துல திணிச்சு காட்டற நம்பர் அது. ஷேர் வருஷத்துக்கு 25 பர்சென்ட்டா சமமா வந்தா முதல் வருஷத்துக்கு அது சரியா இருந்திருக்கும். உங்களுக்கு முதல் வருஷம் வர்றது 5 பர்சென்ட்.

இந்த 5, 15, 40, 40 அமேசான்ல ரொம்ப நாளா இருக்கற பேட்டர்ன், முதல் வருஷ முடிவுல 5, ரெண்டாவது வருஷ முடிவுல 15, அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா 20, 20ஆ. எல்லா எடத்துலயும் இப்படி இல்ல. மெட்டால மூணு மாசத்துக்கு ஒருக்கா சமமா விழும், கூகுள்ல முன்னாடி வருஷங்கள்ல ஜாஸ்தி, பின்னாடி கம்மின்னு குடுத்திருக்காங்க. அதனால "48,000 டாலர் ஆர்எஸ்யூ"ன்னு மட்டும் யாராவது சொன்னா அதுல பாதி தகவல்தான் இருக்கு, எந்த தேதில எத்தனை விழுதுங்கறதுதான் மீதி பாதி. உங்க போனஸ் முதல் ரெண்டு வருஷத்துக்கு மட்டும் இருக்கறதும் இதனாலதான், ஷேர் கம்மியா விழற வருஷங்கள்ல ஏற்படற ஓட்டையை அடைக்க வர்ற காசு அது. அதை தனியா "எக்ஸ்ட்ரா"ன்னு நெனச்சுக்காதீங்க.

இன்னொரு விஷயம், கிராண்ட், அதாவது உங்களுக்கு ஒதுக்கின ஆர்எஸ்யூ, டாலர்ல எழுதியிருந்தாலும் உங்களுக்கு கிடைக்கறது டாலர் இல்ல, ஷேர் எண்ணிக்கை. நீங்க சேர்ற சமயத்துல கம்பெனி பாலிசில சொல்லியிருக்கற ஒரு சராசரி விலைய வச்சு வகுத்து, இத்தனை ஷேர்னு ஃபிக்ஸ் பண்ணிடுவாங்க. அந்த சராசரி 200 டாலர்னா உங்களுக்கு 240 ஷேர். அதுக்கப்புறம் விலை ஏறினாலும் எறங்கினாலும் 240 மாறாது, அதோட மதிப்புதான் மாறும். ஒரே டாலர் தொகைக்கு ஆஃபர் வாங்கின ரெண்டு பேர் நாலு மாசம் தள்ளி தள்ளி சேர்ந்தா வேற வேற எண்ணிக்கை ஷேர் வாங்கறது இதனாலதான். எந்த மாச சராசரின்னு ரெக்ரூட்டர்கிட்ட கேளுங்க, ஒரு வரில பதில் வரும்.

இப்ப வருஷ வருஷமா பிரிப்போம். ஷேர் விலை 200லயே நிக்குது, டாலர் 90லயே நிக்குது, இன்க்ரிமென்ட் ரெண்டு எடத்துலயும் இல்லன்னு வச்சுக்கறேன், இது நடக்காதுன்னு தெரியும், ஆனா ஒரு அடிப்படைக் கோடு வேணும் இல்லையா. முதல் வருஷம் 12 ஷேர் விழும், அது 2.16 லட்சம், பேஸ் 34, போனஸ் 8, ஆக 44.16. ரெண்டாவது வருஷம் 36 ஷேர், 6.48 லட்சம், பேஸோட போனஸ் 5ம் சேர்த்தா 45.48. மூணாவது வருஷம் போனஸ் இல்ல, 96 ஷேர், 17.28 லட்சம், ஆக 51.28. நாலாவது வருஷமும் அதே 51.28. நாலு வருஷத்துக்கு மொத்தம் 192.2 லட்சம். ஸ்டார்ட்அப் நாலு வருஷமும் 46, மொத்தம் 184. ஈசாப்பை இப்போதைக்கு தொடவே இல்ல. எல்லாமே டாக்ஸுக்கு முன்னாடி, ஆர்எஸ்யூவும் சம்பளம் மாதிரியே டாக்ஸ் ஆகறதால இப்படி ஒப்பிடறதுல பெரிய தப்பு வராது.

கவனிங்க, லெட்டர்ல 52.8க்கும் 46க்கும் வருஷத்துக்கு 6.8 லட்சம் வித்தியாசம்னு தெரிஞ்சது, பிரிச்சுப் பாத்தா நாலு வருஷத்துக்கும் சேர்த்தே 8.2 லட்சம்தான் வித்தியாசம். அதுவும் முழு நாலு வருஷம் இருந்தா. ரெண்டு வருஷத்துல வெளிய வந்தீங்கன்னா பெரிய கம்பெனில 89.64, ஸ்டார்ட்அப்ல 92, ஸ்டார்ட்அப்தான் முன்னாடி. ரெண்டரை வருஷத்துல, அதாவது 30வது மாச வெஸ்ட், அந்தத் தவணை ஷேர் உங்களோடதா ஆகறது, விழுந்த அன்னிக்கு, பெரிய கம்பெனி 115.28, ஸ்டார்ட்அப் 115. கிட்டத்தட்ட சமம். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆறு மாச வெஸ்ட்டுக்கும் பெரிய கம்பெனி முன்னாடி போகுது. அப்ப உங்க கேஸ்ல முடிவு பண்ண வேண்டிய நம்பர் 30 மாசம். இதுக்கு முன்னாடி வேலை செஞ்ச எடங்கள்ல எத்தனை வருஷம் இருந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆறு வருஷத்துல மூணு கம்பெனி மாறின ஆளா இருந்தா இந்த ஆஃபர்ல இருக்கற ஷேர்ல பெரும்பகுதி உங்களுக்கு வராத காசு, ஏன்னா 24 மாசத்துல மொத்தம் 240ல 48தான் உங்களோடது, மீதி 192 நீங்க கெளம்பற அன்னிக்கு அப்படியே போயிடும்.

வெஸ்ட் ஆகறதுங்கறது ரொம்ப கறாரான விஷயம். அந்த தேதியில நீங்க ரோல்ல இருக்கணும், அவ்வளவுதான். 29 மாசம் 25 நாள் வேலை செஞ்சேன், அதுக்கு ப்ரோ ரேட்டா குடுங்கன்னு கேக்க முடியாது. லேஆஃப்னாலும் பொதுவா அதே கதிதான், செட்டில்மென்ட்ல ஏதாவது குடுத்தா அது அவங்க குடுக்கறது, உரிமை இல்ல. நோட்டீஸ் பீரியட் ஓடிக்கிட்டு இருக்கும்போது வெஸ்ட் தேதி வந்தா பெரும்பாலான பிளான்ல விழும், ஆனா ரிசைன் பண்ணின தேதியோட நிறுத்தற பிளானும் உண்டு, அதனால கிராண்ட் அக்ரிமென்ட்ல அந்த ஒரு கிளாஸை மட்டுமாவது படிச்சுடுங்க. எங்க ஆபீஸ்ல வெஸ்ட் தேதிக்கு மறுநாள் காலைல ரிசிக்னேஷன் மெயில் வரிசையா வரும், எச்ஆர்ல யாருக்கும் அது ஆச்சரியமே கிடையாது. ஜாயினிங் போனஸுக்கும் ஒரு கயிறு இருக்கும், ஒரு வருஷத்துக்குள்ள போனா திருப்பிக் குடுக்கணும்னு. அதுல கேக்க வேண்டியது, டாக்ஸ் புடிச்சது போக கைக்கு வந்ததைத் திருப்பிக் குடுக்கணுமா, இல்ல முழு 8 லட்சத்தையுமாங்கறது. முழுசுன்னா, வாங்காத காசையும் சேர்த்துக் கட்டிட்டு அப்புறம் டாக்ஸை திரும்ப வாங்க அலையணும்.

அடுத்தது விலை. உங்க கணக்குல 8.2 லட்ச வித்தியாசம் மொத்தமும் 43.2 லட்ச ஷேர் மேல நிக்குது, அப்ப ஷேர் விலை சராசரியா 19 பர்சென்ட் கொறஞ்சா நாலு வருஷம் முழுசா இருந்தாலும் ரெண்டு ஆஃபரும் சமமாயிடும். 19 பர்சென்ட்டெல்லாம் பெரிய கம்பெனிக்கு நடக்காதுன்னு நெனைக்காதீங்க. 2022ல அமேசான் ஷேர் கிட்டத்தட்ட பாதியாச்சு, மெட்டா ஏறக்குறைய 64 பர்சென்ட் விழுந்துச்சு. அந்த வருஷத்து ஆரம்பத்துல உச்ச விலைல எண்ணிக்கை ஃபிக்ஸ் ஆன ஆளுங்களோட லெட்டர்ல இருந்த டோட்டல் காம்ப் வெறும் காகிதமாப் போச்சு. அதே மெட்டா அடுத்த 2023ல ஏறக்குறைய மூணு மடங்காச்சு, 2022 கடைசில சேர்ந்தவங்களுக்கு லாட்டரி. ரெண்டையும் முன்கூட்டியே சொன்ன ஆளை நான் பாத்ததில்ல. நான் யாருக்காவது கணக்கு போட்டா மூணு கோடு போடுவேன்: இப்ப இருக்கற விலை, 30 பர்சென்ட் கம்மி, 30 பர்சென்ட் ஜாஸ்தி. உங்களுக்கு 30 கம்மில நாலு வருஷ மொத்தம் 179.24, ஸ்டார்ட்அப்பை விடக் கீழ. 30 ஜாஸ்தில 205.16. கம்மி கோட்டுல வர்ற நம்பரோட நீங்க நிம்மதியா வாழ முடியுமான்னு மட்டும் பாருங்க, ஜாஸ்தி கோடு வந்தா சந்தோஷம், அவ்வளவுதான். டாலர் ரேட்டும் இதுல ஒரு பங்கு ஆடும், இதுவரைக்கும் அது பெரும்பாலும் நம்ம பக்கமே சாய்ஞ்சிருக்கு, ஆனா அதை நம்பி கணக்குல சேர்க்க மாட்டேன்.

டாக்ஸ் பத்தி நெறைய பேருக்கு குழப்பம் இருக்கு, அதனால ஒரே ஒரு வெஸ்ட்டை எடுத்துக் காட்டறேன். 30வது மாசம் 48 ஷேர் விழுது, அன்னிக்கு விலை 200, மதிப்பு 9,600 டாலர், 8.64 லட்சம். இந்த 8.64ம் அந்த மாச சம்பளத்தோட சேர்ந்து பெர்க்விசிட்டா, அதாவது கம்பெனி குடுக்கற சலுகையா, கணக்குல வரும். நீங்க 30 பர்சென்ட் ஸ்லாப்ல இருக்கீங்க, செஸ் சேர்த்து 31.2. கம்பெனி அதுக்கு ஈடா 15 ஷேரை அங்கயே வித்து டிடிஎஸ் கட்டிடும், உங்க புரோக்கரேஜ் அக்கவுன்ட்ல வந்து உக்கார்றது 33 ஷேர். வருமானம் 50 லட்சம் தாண்டற வருஷத்துல சர்சார்ஜ் வேற சேரும், உங்க மூணாவது நாலாவது வருஷம் அந்த எல்லைலதான் நிக்குது. "48 ஷேர் வரவேண்டியது 33தான் வந்திருக்கு, ஏமாத்திட்டாங்க"ன்னு ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தராவது மெயில் போடுவாங்க.

அந்த 33 ஷேரை என்ன பண்றதுங்கறதுதான் உண்மைல உங்க கைல இருக்கற ஒரே முடிவு. அன்னிக்கே வித்தா லாபம் கிட்டத்தட்ட சைபர், மேல டாக்ஸ் ஒண்ணும் இல்ல, கேஷ் சம்பளம் வாங்கின மாதிரி முடிஞ்சுது. வச்சிருந்தா, 24 மாசத்துக்கு மேல வச்சு வித்தா லாபத்துக்கு 12.5 பர்சென்ட், அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் ரேட். இங்க நம்ம எக்ஸ்சேஞ்சுல லிஸ்ட் ஆன ஷேருக்கு இருக்கற 12 மாச கணக்கு இதுக்கு செல்லாது. விலை 200லேர்ந்து 140க்கு எறங்கிடுச்சுன்னா நீங்க 200க்கு டாக்ஸ் கட்டினது கட்டினதுதான், அந்த நஷ்டத்தை சம்பளத்துல கழிக்க விடமாட்டாங்க, வேற கேபிடல் கெயின் இருந்தா அதுலதான் கழிக்கலாம். ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கோங்க, அன்னிக்கு 6 லட்சம் கேஷ் போனஸ் வந்திருந்தா அதை அப்படியே எடுத்துட்டுப் போய் இந்த ஒரே கம்பெனி ஷேர்ல போட்டிருப்பீங்களா? பெரும்பாலானவங்க மாட்டாங்க, ஆனா வெஸ்ட் ஆனதை விக்கவும் மாட்டாங்க. சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனில இருக்கறது எனக்கு பிடிக்காது, அது என் கருத்து. வச்சிருக்கறவங்க ஐடிஆர் போடும்போது, வெளிநாட்டு சொத்தைக் காட்டற ஷெட்யூல் எஃப்ஏல அந்த ஷேரைக் காட்டணும், அது ஏப்ரல் மார்ச் கணக்கு இல்ல, ஜனவரி டிசம்பர் கணக்கு. ஐடிஆர் 1ல அந்த ஷெட்யூலே கிடையாது, ஐடிஆர் 2தான். வருஷ நடுவுல வித்து காலி பண்ணியிருந்தாலும் காட்டணும். இதுக்கு மட்டும் முதல் வருஷம் ஒரு சிஏகிட்ட போயிடுங்க, வெளிநாட்டு சொத்து பாத்த அனுபவம் இருக்கற சிஏவா.

ரெஃப்ரெஷர் பத்தி ரெக்ரூட்டர் ஏதாவது சொல்லியிருப்பார், வருஷா வருஷம் புதுசா கிராண்ட் வரும், அதனால இன்னும் ஜாஸ்தியாகும்னு. வரும், பெரிய கம்பெனிகள்ல அது வழக்கம்தான். ஆனா எவ்வளவுங்கறது ரேட்டிங், அந்த வருஷ பட்ஜெட், அப்போதைய ஷேர் விலை எல்லாம் சேர்ந்து முடிவாகும், எழுத்துல எங்கயும் இருக்காது. சில எடத்துல ஷேர் விலை ஏறிப்போய் உங்க பழைய கிராண்ட்டே டார்கெட்டைத் தாண்டிட்டா, புதுசா கம்மியா குடுப்பாங்க, ஏறினதோட பலன்ல ஒரு பகுதி அங்க கரைஞ்சிடும். அதனால லெட்டர்ல இல்லாததை நான் கணக்குல போடல. ஸ்டார்ட்அப் பக்கம் இன்க்ரிமென்ட்டையும் அதே காரணத்துக்காகத்தான் போடல.

இப்ப ஸ்டார்ட்அப். "20 லட்சம் ஈசாப்"ங்கறதுக்கு நீங்க எண்ணிக்கையே சொல்லல, அவங்களும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன். புரியறதுக்காக நானே நம்பர் போட்டுக்கறேன். கடைசி ரவுண்டுல முதலீட்டாளர்கள் ஒரு ஷேர் 1,000 ரூபாய்க்கு வாங்கினாங்க, கம்பெனில எல்லாத்தையும் கூட்டி 40 லட்சம் ஷேர், அதனால "400 கோடி வேல்யுவேஷன்". உங்களுக்கு ஈசாப்ல 2,000 ஆப்ஷன், எக்ஸர்சைஸ் விலை, அதாவது ஒரு ஷேர் வாங்க நீங்க குடுக்க வேண்டியது, 10 ரூபாய். 2,000ஐ 1,000ஆல பெருக்கி 20 லட்சம்னு எழுதிட்டாங்க. கம்பெனில உங்க பங்கு 0.05 பர்சென்ட். ஆர்எஸ்யூக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம், ஆர்எஸ்யூ வெஸ்ட் ஆனா ஷேர் உங்க அக்கவுன்ட்ல விழும், அன்னிக்கே விக்கலாம். ஆப்ஷன் வெஸ்ட் ஆனா, காசு குடுத்து ஷேர் வாங்கற உரிமை மட்டும்தான் விழும், வாங்கின ஷேரை விக்கறதுக்கு ஆள் கிடையாது.

ரெண்டு வருஷத்துல நீங்க அங்கேர்ந்து கெளம்பறீங்கன்னு வைங்க. வருஷத்துக்கு 25 பர்சென்ட்டுன்னா 1,000 ஆப்ஷன் வெஸ்ட் ஆகியிருக்கும். நெறைய பிளான்ல வெளிய போனதும் 30 நாளோ 90 நாளோ டைம், அதுக்குள்ள எக்ஸர்சைஸ் பண்ணலன்னா காலாவதி. பண்ணறீங்க, ஷேருக்கு 10 ரூபா வீதம் 10,000 ரூபா, பரவால்லயேன்னு தோணும். அப்புறம் டாக்ஸ் வரும். மெர்ச்சன்ட் பேங்கர் போட்ட வேல்யுவேஷன்படி சாதாரண ஷேர் மதிப்பு 600னா, 590 ரூபா வித்தியாசம் 1,000 ஷேருக்கு 5.9 லட்சம், அது சம்பள வருமானமா கணக்காகும், 31.2 பர்சென்ட்டுன்னா 1.84 லட்சம். விக்க முடியாத, எப்ப விக்க முடியும்னும் தெரியாத ஒரு காகிதத்துக்கு கைல இருந்து கிட்டத்தட்ட 1.94 லட்சம். இந்த எடத்துலதான் பாதிப் பேர் "வேணாம்பா"ன்னு விட்டுட்டு போயிடறாங்க. ஸ்டார்ட்அப்புக்கு டாக்ஸ் தள்ளிப் போடற சலுகை இருக்கேன்னு யாராவது சொல்வாங்க, 2020 பட்ஜெட்ல வந்தது, உண்மைதான். ஆனா மத்திய அரசோட டிபிஐஐடில ஸ்டார்ட்அப்னு பதிவு மட்டும் இருந்தா பத்தாது, அதுக்கு மேல இன்டர் மினிஸ்டீரியல் போர்டு சர்டிஃபிகேட் வாங்கின கம்பெனிக்குத்தான், அது ரொம்ப கொஞ்சம் பேருகிட்டதான் இருக்கு. அப்படியே இருந்தாலும் வேலைய விட்டு நின்னா அந்த சலுகை அன்னிக்கே முடிஞ்சு டாக்ஸ் வந்து நிக்கும், அதனால உங்க கேள்விக்கு அது உதவாது.

வித்தா எவ்வளவு வரும்ங்கறதும் நேர்கோட்டு கணக்கு இல்ல. முதலீட்டாளர்கள்கிட்ட இருக்கறது முன்னுரிமை ஷேர், கம்பெனி விக்கும்போது அவங்க போட்ட காசை முதல்ல எடுத்துப்பாங்க. இதுவரைக்கும் 200 கோடி வாங்கியிருக்காங்கன்னு வைங்க, நாளைக்கு 180 கோடிக்கு வித்தா மொத்தமும் அவங்களுக்கே, உங்க 2,000 ஆப்ஷனுக்கு சைபர். பேப்பர்ல "180 கோடிக்கு அக்விசிஷன், வாழ்த்துகள்"னுதான் போடும். அடுத்தடுத்த ரவுண்டுல புது ஷேர் வர்றதால உங்க பங்கும் கரையும், ரவுண்டுக்கு 20 பர்சென்ட் கரைஞ்சா ரெண்டு ரவுண்டுல 0.05 பர்சென்ட் 0.032 ஆயிடும், அப்ப லெட்டர்ல போட்ட 20 லட்சம் கிடைக்க கம்பெனி 625 கோடிக்காவது போகணும். போகலாம். நம்ம ஊர்ல ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ல லிஸ்ட் ஆனப்ப 500 பேருக்கு மேல கோடீஸ்வரனானாங்கன்னு அதோட நிறுவனரே சொன்னார், அதைப் பாத்துத்தான் சென்னைல பாதிப் பேர் ஈசாப்னா கண்ணு விரியறாங்க. ஆனா 36 டாலர்ல வெளியிட்ட அந்த ஷேர் அடுத்த வருஷமே பாதிக்குக் கீழ போச்சு. 2022ல 22 பில்லியன் டாலர்னு சொன்ன பைஜூஸ் 2024ல திவால் நடவடிக்கைக்குப் போச்சு. ரெண்டும் ஓரத்துல இருக்கற உதாரணம், நடுவுல இருக்கற பெரும்பாலான ஸ்டார்ட்அப்ல என்ன நடக்குதுன்னா ஒண்ணும் நடக்கறதில்ல, ஆப்ஷன் அப்படியே கெடக்கும்.

அதனால ஒப்பிடறப்ப ஈசாப்புக்கு நான் சைபர் போடுவேன். அது மோசம்ங்கறதால இல்ல, வாடகை குடுக்கவும் ஸ்கூல் ஃபீஸ் கட்டவும் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாதுங்கறதால. அந்த கம்பெனி ஏற்கெனவே ஊழியர்கள்கிட்ட இருந்து காசு குடுத்து ஆப்ஷனைத் திரும்ப வாங்கியிருக்குன்னா, அதாவது பைபேக் நடந்திருக்குன்னா, அப்ப சைபருக்கு மேல ஏதாவது போடலாம், அந்த பைபேக்ல குடுத்த விலைய வச்சு. அவங்ககிட்ட கேக்க வேண்டியது, ஆப்ஷன் எத்தனை, எக்ஸர்சைஸ் விலை என்ன, மொத்த ஷேர் எத்தனை, வெளிய போனா எத்தனை நாள் டைம், கிராண்ட் தேதி எது. கடைசிக் கேள்வியை யாரும் கேக்கறதில்ல. நம்ம கம்பெனி சட்டப்படி கிராண்ட்டுக்கும் முதல் வெஸ்ட்டுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு வருஷம் வேணும், நீங்க ஜூன்ல சேர்ந்து போர்டு அப்ரூவல் டிசம்பர்ல வந்தா கடிகாரம் டிசம்பர்லேர்ந்துதான் ஓடும்.

ஸ்டார்ட்அப்போட 46ஐயும் ஒரு தடவ பிரிச்சுப் பாருங்க. கம்பெனி பங்கு பிஎஃப்பையும் கிராஜுவிட்டியையும் ஃபிக்ஸட்டுக்குள்ளயே வச்சிருக்காங்களா, பெரிய கம்பெனி அதை 34க்கு வெளிய வச்சிருக்கா, இதுலயே ரெண்டு மூணு லட்சம் வித்தியாசம் ஒளிஞ்சிருக்கும். கம்பெனில இன்னும் எத்தனை மாசத்துக்கு காசு இருக்குன்னு நேரா கேளுங்க, நிறுவனர் கோச்சுக்க மாட்டார், கோச்சுக்கிட்டா அதுவே பதில். ஆனா ஸ்டார்ட்அப் பக்கம் ஒரு விஷயம் ஸ்ட்ராங்கா இருக்கு, மாசா மாசம் வர்ற காசு. 34க்கும் 46க்கும் மாசத்துக்கு ஒரு லட்சம் வித்தியாசம், டாக்ஸுக்கு முன்னாடி. வீட்டுக்கடன் இருக்கு, இல்ல எடுக்கப் போறீங்கன்னா இது சாதாரணமில்ல, பேங்க் பெரும்பாலும் மாச சம்பளத்தை வச்சுத்தான் இஎம்ஐ தகுதி பாக்கும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா விழற ஷேரை பெருசா மதிக்காது.

வேலை, டீம், மேனேஜர் எப்படின்னு நீங்க எழுதல, அதனால காசை மட்டும் வச்சு சொல்றேன். மூணு வருஷத்துக்கு மேல இருப்பேன், வெஸ்ட் ஆன அன்னிக்கே வித்துடுவேன்னா பெரிய கம்பெனி, ஆனா லெட்டர்ல தெரியற அளவுக்கு பெரிய வித்தியாசத்துல இல்ல. ரெண்டு வருஷத்துல அடுத்த எடம் தேடற ஆளுன்னா, இல்ல உடனே மாசச் செலவு ஜாஸ்தின்னா, ஸ்டார்ட்அப் கேஷ், அதுவும் அவங்ககிட்ட 18 மாசத்துக்காவது காசு இருந்தா. சைன் பண்றதுக்கு முன்னாடி பெரிய கம்பெனி ரெக்ரூட்டருக்கு இந்த வருஷ வருஷ கணக்கை அப்படியே மெயில்ல போட்டு, முதல் ரெண்டு வருஷம் இந்த ஆஃபர் 46க்குக் கீழ நிக்குது, போனஸை முதல் வருஷம் 10, ரெண்டாவது வருஷம் 6ஆ ஆக்க முடியுமான்னு கேளுங்க. பேஸுக்கு பேண்ட் இருக்கும், அசைய மாட்டாங்க, ஆர்எஸ்யூக்கு அப்ரூவல் மேல போகணும், ஜாயினிங் போனஸ் ஒரு தடவ குடுக்கற காசுங்கறதால அதுலதான் அவங்களுக்கு கை நீளும். அப்படி குடுத்தா ரெண்டு வருஷக் கணக்கு 92.64, ஸ்டார்ட்அப்போட 92ஐத் தொட்டுடும், 30 மாசம்ங்கற அந்த எல்லை 24க்கு எறங்கிடும்.